ஓ இரண்டு, ஒலி மூன்று

"அண்ணா, ஷெஃபீல்டு வந்து மூணு வாரம் ஆச்சு. இரட்டை ஓ போட்டா ஃபூட்ல ஒரு சத்தம், பிளட்ல ஒரு சத்தம், குட்ல ஒரு சத்தம். ஸ்பெல்லிங் பாத்து உச்சரிக்க ரூல் ஏதாவது இருக்கா? கவுன்சில் டாக்ஸ் பத்தியும் சொல்லுங்க."

கவுன்சில் டாக்ஸ் முழுநேர மாணவருக்குக் கிடையாது தம்பி. யுனிவர்சிட்டியில் கடிதம் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. மற்றதைப் பேசுவோம்.

ரூல் தேடி அலையாதே. அந்த மூன்று சொற்களிலும் ஒரு காலத்தில் நம்ம ஊர் ஓகார நெடில்தான் இருந்தது. கிட்டத்தட்ட ஃபோட், ப்ளோட், கோட் என்றார்கள். நெடில் என்று காட்டத்தான் ஓவை இரட்டித்தார்கள். 1400-லிருந்து 1700 வரை ஆங்கில நெடில்கள் எல்லாமே இடம் மாறின, ஓகாரம் ஊகாரமானது. ஃபூட் அங்கேயே நின்றுவிட்டது. பிளட் சீக்கிரமே உகரக் குறிலாகச் சுருங்கியது. பிறகு 17-ஆம் நூற்றாண்டில் தெற்கு இங்கிலாந்தில் கப், சன் போன்ற சொற்களின் உகரம் அகரம் மாதிரி ஆனபோது அதுவும் கூடவே போனது. குட் சுருங்கியது அதற்கப்புறம், அதனால் தப்பித்தது. இதற்கு நடுவில், 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்தது, வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

நீ இருக்கும் ஷெஃபீல்டில் அந்த அகர மாற்றம் நடக்கவே இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் நர்ஸ் 'ப்ளுட்' என்பார், பஸ் 'புஸ்' ஆகும். லண்டன் போய் செட்டிலான நம்மவர்கள் சிலர் இதைக் கொச்சை என்று சிரிப்பார்கள், ஆக்சென்ட் திருத்தக் காசு கட்டி வகுப்புக்கும் போகச் சொல்வார்கள். போகாதே. பழைய உகரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் ஷெஃபீல்டுக்காரர்கள்தான்.

கடன் வாங்கிய சொற்களிலும் இதே கூத்து. சீஃப், ஷெஃப் இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல். 1300 வாக்கில் வந்தபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்த பழைய 'ச்' ஒலியோடு சீஃப் ஆனது. அப்புறம் அவர்கள் அந்த ஒலியை 'ஷ்' ஆக்கிவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அதே சொல்லை மறுபடி வாங்கியபோது ஷெஃப். தொடக்கத்தில் வரும் சி-ஹெச் எழுத்து இரண்டிலும் ஒன்றுதான். ஆக, ஒரு சொல் எப்போது உள்ளே வந்தது என்று தெரியாமல் எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாது. காதால் கேட்டு, தமிழ் எழுத்தில் குறில் நெடிலோடு குறித்துக்கொள். நான் அப்படித்தான் தேறினேன்.

வந்த புதிதில் ஒரு ஹோட்டல் கிச்சனில் பாத்திரம் கழுவினேன். அங்கே ஷெஃபீல்டுக்குப் பக்கத்து ஊரான பார்ன்ஸ்லிக்காரக் கிழவர் ஒருவர், புக் என்பதை 'பூக்' என்று நெடிலாகவே சொல்வார். பூவைக் கேட்கிறார் என்று நினைத்து மேசையிலிருந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆர்டர் புக்கை அவரே எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வரை என்னை 'ஃப்ளவர்' என்றே கூப்பிட்டார். அந்தப் பக்கம் எல்லாரையுமே அப்படிக் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.