கயிறு அவிழாத குடியரசு தினம்

கேள்வி: எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். 'குடிமைச் சமயம்' என்ற கருத்தை ஒரு பொது விடுமுறை நாளோடு பொருத்திச் சின்னக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குடியரசு தினத்தை எடுக்கலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

தாராளமாக எடுக்கலாம். நாட்டின் கொடி, நாள், சடங்கு இவற்றைச் சுற்றிச் சமயம் போல ஒரு பக்தி இயங்குவதைத்தான் குடிமைச் சமயம் என்கிறார்கள். ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பள்ளி வேலைக்கு வந்தபிறகு தபால் வழியில் எம்.ஏ. படித்தவன் நான். எனக்கும் கிட்டத்தட்ட இதே கேள்விதான் வந்தது. கொடிதான் சாமி, கம்பம்தான் கருவறை, தேசிய கீதம்தான் தோத்திரம், கடைசியில் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாய்தான் பிரசாதம் என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் போட்டு அனுப்பினேன். 25க்கு 9 வந்தது. "ஒப்புமை மட்டும் போதாது" என்று ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி. அன்றைக்குக் கோபம் வந்தது, இன்றைக்கு யோசித்தால் அந்த வரி சரிதான். அப்படிப் பார்த்தால் கிரிக்கெட் மேட்ச், கட்சி மாநாடு, கல்யாண மண்டபம் எதையும் கோயிலோடு ஒப்பிட்டுவிடலாமே. ஒப்பிட்டதால் அது சமயம் ஆகிவிடாது.

அப்புறம் எதை வைத்துச் சொல்வது? சடங்கு பிசகும்போது கூட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். எனக்கு இது புத்தகத்தில் கிடைத்ததில்லை, என் கையாலேயே பிசகிய ஒரு ஜனவரி 26-இல் கிடைத்தது.

குடியரசு தினத்தன்று கொடியைக் கீழிருந்து ஏற்றுவதில்லை. மடித்து, உள்ளே பூவிதழ் வைத்துச் சுருட்டி, உச்சியில் முன்கூட்டியே கட்டிவைத்துவிட வேண்டும். விருந்தினர் கயிற்றை இழுத்தால் முடிச்சு உருவிக்கொண்டு கொடி விரியும். (ஆகஸ்ட் 15-க்குத்தான் கீழிருந்து ஏற்றுவது முறை. பல பள்ளிகளில் இரண்டு நாளும் கட்டித்தான் வைக்கிறார்கள், அது வேறு விஷயம்.) எல்லாம் அந்த முடிச்சில்தான் இருக்கிறது. கயிற்றை மடக்கி, அந்த மடிப்பை மட்டும்தான் வளையத்துக்குள் நுழைக்க வேண்டும், நுனியை மறுபக்கம் முழுதாக இழுத்துவிட்டால் கடுமுடிச்சாகிவிடும். உடற்கல்வி ஆசிரியர் அந்த வருடம் விடுப்பு. நான் கட்டினேன். முந்தின நாள் சாயங்காலமே கட்டிவிட்டதால் ராத்திரிப் பனியில் பருத்திக் கயிறு ஊறி இன்னும் இறுகிவிட்டது.

காலையில் தலைமையாசிரியர் இழுத்தார். அவிழவில்லை. மறுபடி இழுத்தார், கம்பம்தான் ஆடியது. முந்நூறு பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. வேறொரு நாள் மைக் வேலை செய்யாவிட்டால் ஓவென்று சிரிக்கிற அதே பிள்ளைகள். கடைசியில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கம்பத்தில் ஏறினான். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு, கொடியில் கால் படாமல் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு ஏறினான். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஆரம்பமே இப்படி ஆயிடுச்சே, நல்லதுக்கில்ல" என்றார். தேர் அச்சு முறிந்தால் எந்தக் குரலில் சொல்வார்களோ அதே குரல். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஒரு துணி விரியத் தாமதமானதற்கு அபசகுனம் என்ற எண்ணம் ஏன் வருகிறது? உங்கள் கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம்.

செருப்பையும் கவனியுங்கள். டெல்லி அணிவகுப்பில் ராணுவத்தினர் பூட்ஸ் காலோடுதான் கொடிக்கு மரியாதை செலுத்துகிறார்கள். எங்கள் ஊரில் கழற்றாமல் நின்றால் முறைப்பார்கள். அந்த வழக்கம் கோயில் வாசலிலிருந்து வந்தது. அரசு ஒரு சடங்கைக் கொடுக்கிறது, அதைச் செய்யும் உடம்பு ஏற்கெனவே தெரிந்த பக்தியை அதில் போட்டு நிரப்பிக்கொள்கிறது.

கோட்பாட்டுக்கு அதிகப் பக்கம் வேண்டாம். தத்துவஞானி ரூசோ 1762-இல் 'சமூக ஒப்பந்தம்' நூலில் குடிமைச் சமயம் என்ற இந்தச் சொல்லை வைத்தார். ஆனால் அவர் சொன்னது, அரசு வேண்டுமென்றே வகுத்துக்கொடுக்கும் சில பொது நம்பிக்கைகளை. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் பெல்லா 1967-இல் எழுதிய கட்டுரையில் அதை வேறு மாதிரி எடுத்தார். அமெரிக்க அதிபர் கென்னடியின் 1961 பதவியேற்பு உரையில் கடவுள் மூன்று இடத்தில் வருகிறார், ஆனால் ஏசுவோ எந்தத் திருச்சபையோ வரவில்லை, அப்படியானால் அது யாருடைய கடவுள் என்று கேட்டார். நம் ஜனவரி 26-இல் கடவுள் அந்த அளவுக்குக்கூட நேரடியாக வருவதில்லை. அதனால் பெல்லாவை அப்படியே ஒட்டாதீர்கள். நம்மிடம் அந்த இடத்தில் இருப்பது தேதி.

அரசியலமைப்பு ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26-இல். முழுதாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்தார்கள், ஏனென்றால் 1930 ஜனவரி 26-இல்தான் காங்கிரஸ் பூரண சுயராஜ்ய உறுதிமொழியை நாடெங்கும் எடுக்க வைத்திருந்தது. 1947-இல் விடுதலை ஆகஸ்டில் வந்துவிட்டதால் அந்த நாள் வெறுமனே கிடந்தது. ஒரு சட்ட ஆவணத்துக்கு நாள் பார்த்திருக்கிறார்கள், முகூர்த்தம் பார்ப்பது போல. இந்த ஒரு தகவலை விரித்து எழுதினாலே ஒரு பக்கம் வந்துவிடும்.

"அப்படியானால் தேசபக்தி மூடநம்பிக்கை என்கிறீர்களா" என்று கீழே யாராவது வருவார்கள், வழக்கம்தான். நான் அப்படிச் சொல்லவில்லை. கொடி நிமிரும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். ஒன்றைச் சமயம் போல இயங்குகிறது என்பதும் பொய் என்பதும் ஒன்றல்ல.

அடுத்து, இது எங்கே முட்டுகிறது என்று கட்டாயம் எழுதுங்கள். 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்கள் நம்பிக்கைப்படி அது வழிபாடு. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். உயர் நீதிமன்றம் கைவிட்டது, 1986-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது: பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நிற்பதே மரியாதைதான். வேடிக்கை என்னவென்றால், இது வெறும் மரியாதை, சமயம் இல்லை என்று மற்ற எல்லோரும் சொன்னபோது, இதில் சமயம் இருக்கிறது என்று சரியாகக் கண்டுகொண்டது அந்தக் குடும்பம்தான். பெல்லா படித்தவர்கள் இல்லை, தன் சாமியை விட்டுக்கொடுக்காதவர்களுக்கு இன்னொரு சாமியின் வாசனை தெரிந்துவிடுகிறது.

பக்கம் மிஞ்சினால் 2020 ஜனவரியையும் சேருங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் அரசியலமைப்பின் முகப்புரையைத் தெருவில் சேர்ந்து வாசித்தார்கள். அதே கொடி, அதே வாசகம், ஆனால் அரசைக் கேள்வி கேட்க. குடிமைச் சமயம் என்றாலே அரசைக் கும்பிடுவது என்று எழுதிவிடாமல் இருக்க இந்த உதாரணம் உதவும், பெல்லாவும் அதைத்தான் வலியுறுத்தினார்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலண்டரில் சிவப்பாக இருக்கும் இந்தப் 'பொது விடுமுறை' ஆசிரியர்களுக்கு விடுமுறையே இல்லை. ஏழு மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், வராவிட்டால் விளக்கக் கடிதம், பல வருடம் மிட்டாய்க் காசும் எங்கள் கையிலிருந்துதான். இப்போது எங்கள் பள்ளியில் கொடி கட்டுவது நான்தான். பருத்திக் கயிற்றை மாற்றி நைலான் வாங்கிவிட்டேன், காலை ஆறரைக்குக் கட்டி யாரும் வருவதற்குள் இரண்டு தடவை இழுத்து அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டிவிடுகிறேன்.

கட்டுரையை அனுப்பும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். என் இரண்டாவது கட்டுரை வந்து சேரவே இல்லை என்று எங்கள் படிப்பு மையத்தில் சொல்லிவிட்டார்கள்.