எக்செல் ஷீட்டில் ஃபார்முலாவைப் பூட்டி, எண் போடும் செல்களை மட்டும் திறந்து விடுவது எப்படி? நான் பூட்டிய பிறகும் ஃபார்முலா கெட்டுப் போகிறதே!

பலர் சேர்ந்து நிரப்பும் ஷீட்டை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள், கெட்டுப் போனால் உங்களைத்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். என் நிலைமையும் அதுவே. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பூட்டும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்செலில் எல்லா செல்லும் பிறக்கும்போதே Locked என்ற குறியோடுதான் இருக்கும். ஷீட்டை Protect செய்யும் வரை அந்தக் குறிக்கு எந்த வேலையும் இல்லை. அதனால் பூட்ட வேண்டிய செல்களைத் தேடிப் போக வேண்டாம், திறக்க வேண்டியவற்றைத்தான் குறிக்க வேண்டும். எண் போடும் செல்களைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்துங்கள். Protection பக்கத்தில் Locked டிக்கை எடுங்கள். அப்புறம் Review > Protect Sheet. அதில் Select locked cells டிக்கையும் எடுத்துவிட்டால் ஃபார்முலா செல் மேல் கர்சரே போகாது. Tab அழுத்தினால் திறந்த செல்களுக்குள்ளேயே தாவும், நிரப்புகிறவர்களுக்கு வசதி.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். பூட்டிய பிறகும் கெட்டது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் கூடுதல் நேர வேலைக்கு ஒரு ஷீட். B-யில் மணி நேரம், C-யில் ஒரு மணிக்கான தொகை, D-யில் பெருக்கல், 4-ஆம் வரிசை முதல் 30 வரை. B மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் பூட்டு. பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும். ஒரு நாள் கீழே கூட்டுத்தொகை இருக்கும் இடத்தில் #REF! என்று நிற்கிறது. மேலே தேடினால் D17-இல் இப்படி இருந்தது:

```
=#REF!*C17
```

பூட்டிய செல். யாராலும் தொட முடியாது. விசாரித்தபோது நிரப்பியவர் மறைக்காமல் சொன்னார். 17-ஆம் வரிசையில் போட வேண்டிய 11 மணி நேரத்தைத் தவறுதலாக B18-இல் போட்டிருக்கிறார். கவனித்ததும் அந்த செல்லின் ஓரத்தை மவுஸால் பிடித்து ஒரு கட்டம் மேலே இழுத்து B17-இல் விட்டிருக்கிறார். இரண்டுமே திறந்த செல்கள், B17 காலியாக வேறு இருந்தது. அதனால் எக்செல் எச்சரிக்கைகூடக் காட்டவில்லை.

ஒரு செல்லை இழுத்து நகர்த்துவதும் Cut செய்து ஒட்டுவதும் ஒன்றுதான். எக்செல் அதை 'எண்ணை மாற்றி எழுதினார்' என்று எடுத்துக்கொள்ளாது, 'B18 என்ற செல்லே B17-க்குக் குடிபோனது' என்று எடுத்துக்கொள்ளும். உடனே B18-ஐக் காட்டிய ஃபார்முலாக்கள் எல்லாம் B17-ஐக் காட்டும்படி மாறிவிடும். ஏற்கெனவே B17-ஐக் காட்டியவற்றுக்குக் காட்ட இடமில்லாமல் #REF! வரும். ஃபார்முலா இருக்கும் செல் பூட்டியிருந்தாலும் இது நடக்கும். பூட்டு தடுப்பது கையால் தட்டி மாற்றுவதைத்தான்.

நான் என்ன செய்தேன்? பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து, D17-ஐ மட்டும் சரிசெய்து, மறுபடி பூட்டிவிட்டேன். D18-ஐப் பார்க்கவில்லை. அது அப்போது இப்படி மாறியிருந்தது:

```
=B17*C18
```

இதில் பிழை எதுவும் தெரியாது. எண் வரும், ஆனால் தப்பான எண். B18-இல் பிறகு 19 மணி நேரம் என்று சரியாகவே போட்டார்கள். ஆனால் அந்த வரிசைக்கு உரியவருக்குப் பக்கத்து வரிசையின் 11 மணி நேரத்துக்குத்தான் பணம் போனது. அடுத்த மாதமும் அதே கதை. அவரே சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "நான் வேலை பார்த்த நேரம் இதில் இல்லையே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அவருக்கு நான் பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்றைக்கும் உறுத்துகிறது. சத்தம் போடும் பிழையைச் சரிசெய்துவிட்டு, சத்தம் போடாததை விட்டுவிட்டேன்.

'இழுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால் போதுமே' என்று சிலர் சொல்வார்கள். சொன்னேன். ஆள் மாறும்போது அந்தச் சொல்லும் போய்விடுகிறது. எக்செலில் செல்லை இழுப்பதை நிறுத்தும் வசதி உண்டு, ஆனால் அது அந்தந்தக் கணினியின் எக்செலுக்கான அமைப்பு, ஃபைலோடு வராது. Ctrl+X-ஐயும் அது தடுக்காது. மேக்ரோ போடலாமே என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், எங்களில் பாதிப் பேர் பிரவுசரில் திறக்கிறார்கள், அங்கே அந்த மேக்ரோ ஓடாது.

ஃபார்முலாவையே மாற்றி எழுதியதுதான் எனக்குக் கைகொடுத்தது. D4 முதல் D30 வரை இதுதான்:

```
=INDEX(B:B,ROW())*INDEX(C:C,ROW())
```

B பத்தியில் நான் இருக்கும் வரிசையில் என்ன இருக்கிறதோ அதை எடு என்று இதற்கு அர்த்தம். ஃபார்முலா தனி செல் எதையும் காட்டாமல் முழுப் பத்தியைக் காட்டுவதால், பத்திக்குள் எதை எங்கே இழுத்தாலும் அது மாறாது. B18-ஐ மேலே இழுத்தால் 18-இல் 0 வரும், 17-இல் 11 மணிக்கான தொகை வரும். நிரப்பியவர் நினைத்ததும் அதுதானே. INDIRECT வைத்தும் செய்யலாம், ஆனால் அது ஷீட்டில் எது மாறினாலும் மறுபடி கணக்குப் போடும், பெரிய ஃபைலில் இழுவையாகிவிடும்.

இன்னொரு தொல்லையும் வரும். 'நேற்று எண் போட்ட செல்லில் இன்று போட முடியவில்லை' என்பார்கள். வேறு ஃபைலிலிருந்து காப்பி செய்து அப்படியே ஒட்டினால், அந்த செல்லின் Locked குறியும் சேர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். Paste Special > Values என்று ஒட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஆகிவிட்டதா என்று பார்க்க, Unprotect செய்து திறந்த செல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து Ctrl+1 போடுங்கள். Locked பெட்டி காலியாக இல்லாமல் அரைகுறையாகத் தெரிந்தால் நடுவில் ஏதோ பூட்டிக்கிடக்கிறது.

சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு ஷீட்டைக் காப்பாற்றுவதை எங்கள் இடத்தில் யாரும் வேலை என்றே கணக்கில் எடுப்பதில்லை. சொந்த வேலை முடிந்த பிறகுதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கெட்டால் மட்டும் பெயர் வருகிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்றால், இதற்கு ஆகும் நேரத்தை இப்போதே எழுதி மேலே கொடுங்கள். நான் அதைத் தாமதமாகத்தான் செய்தேன்.

சரி, கடைசியாக நான் இப்போது செய்வது. தொகை போவதற்கு முதல் நாள் Ctrl+` அழுத்துகிறேன். எண்களுக்குப் பதில் ஃபார்முலாக்கள் தெரியும். முன்பு =B17*C17, =B18*C18 என்று ஒவ்வொன்றும் வேறாக இருந்ததால் நடுவில் ஒன்று பிசகினால் கண்ணுக்குப் படவில்லை. இப்போது 27 வரிசையிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே ஃபார்முலா. ஒன்று மாறியிருந்தாலும் பத்தியை மேலிருந்து கீழே பார்க்கும்போதே தெரிந்துவிடும்.