புரட்டப்பட்ட படமும் தவறான ஊரும்

கேள்வி: ஒரு தெருப் படத்தில் கார்கள் சாலையின் வலப்பக்கம் போகின்றன, எண்பலகைகள் பிரிட்டன் பாணியில் இருக்கின்றன, இது பிரிட்டனின் ஆட்சிப்பகுதியாக இருந்தும் வலப்பக்கம் வண்டி ஓட்டும் ஜிப்ரால்டரா?

அப்படி முடிவு செய்யுமுன், படம் இடவலமாகப் புரட்டப்பட்டதா என்று பாருங்கள். புரட்டும்போது சாலையின் பக்கம், ஸ்டீயரிங், பேருந்தின் கதவு மூன்றும் சேர்ந்தே மாறுவதால், அவை ஒன்றோடொன்று பொருந்துவது எதையும் நிரூபிக்காது. முன்னே வெள்ளை, பின்னே மஞ்சள் என்ற எண்பலகை நிறமோ மாறாது என்பதால், லண்டன் தெரு எளிதில் ஜிப்ரால்டராகத் தோன்றிவிடும்.

எனவே எழுத்துகளைப் பெரிதாக்கிப் படியுங்கள். TAXI என்பதில் நான்கு எழுத்துகளுமே கண்ணாடியில் உருமாறாதவை. வரிசை IXAT என்றிருந்தால்தான் புரட்டல் தெரியும். ஆம்புலன்ஸின் முகப்பை மட்டும் தனிச் சான்றாகக் கொள்ளாதீர்கள்; முன்னால் செல்லும் ஓட்டுநர் கண்ணாடியில் படிப்பதற்காக அங்கே பெயரை இடவலம் மாற்றியே எழுதுவதுண்டு, ஆகவே புரட்டிய படத்தில் அதுமட்டும் நேராகத் தெரியும்.