முதலில் வரவுப் பக்கத்தைப் பாருங்கள், அண்ணாச்சி

கேள்வி: சார், எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். சின்ன அரிசிக் கடையும் 80 சென்ட் வயலும் உண்டு. 23 வயசு மகன் எங்களோட இருந்துக்கிட்டு பாளையங்கோட்டையில் ஒரு கம்பெனிக்குப் போறான், கையில் 19,000 வருது. போன வாரம் ஒரு லோன் ஆப்காரன் என் மச்சானுக்கு போன் போட்டு அசிங்கமாப் பேசினப்பதான் விஷயமே தெரிஞ்சது. ஆன்லைன் ரம்மி. ஆப் லோன் 1,20,000, கிரெடிட் கார்டு 48,000, சின்னச் சின்ன ஆப்புகள் 22,000, கூட்டாளிகள்ட்ட 35,000, பத்து வட்டிக்கு 40,000, ஆக 2,65,000னு சொல்றான். மகள் கல்யாணத்துக்கு வச்ச நகையை அடகு வச்சு ஒரே நாள்ல அடைச்சிரலாம்ங்கா வீட்டுக்காரி. தபால் ஆபீஸ்ல 60,000 கிடக்கு. என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணாச்சி, நகை இந்த வாரம் பீரோவிலேயே இருக்கட்டும். 2,65,000 என்பது மகன் சொன்ன கணக்கு. மாட்டிக்கொண்ட அன்று பிள்ளைகள் முழுத் தொகையையும் சொல்வதில்லை. பொய் சொல்லும் குணம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா முகத்தைப் பார்த்ததும் வாய் வராமல் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். நீங்கள் ஒரே நாளில் அடைத்துவிட்டால், அந்த விழுங்கிய பாதி இரண்டு மாதம் கழித்து வெளியே வரும். அப்போது அடகு வைக்க நகை இருக்காது.

அதனால் முதல் வேலை, அவனுடைய வங்கிக் கணக்கின் 12 மாத ஸ்டேட்மென்ட்டை அச்சடித்து எடுப்பது. மச்சான், சித்தப்பா யாரும் வேண்டாம், நீங்களும் அவனும் மட்டும் உட்காருங்கள். எல்லோரும் செலவுப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வரவுப் பக்கத்தைப் பாருங்கள். சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். அது தவிர வந்த ஒவ்வொரு தொகையும் யாரோ கொடுத்தது. ராத்திரி 11.40க்கு 8,770 என்று ஒரு வரவு, 11.52லிருந்து 500, 500, 1,000 என்று வரிசையாகப் போயிருக்கும். அந்த 8,770 பெரும்பாலும் 10,000 ரூபாய் கடன். கட்டணம், வரி என்று முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டிருப்பார்கள். இப்படி உதிரி எண்ணாக வந்த வரவையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, ஒவ்வொன்றும் யாருடையது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் அவனுடைய கிரெடிட் ரிப்போர்ட். சிபில் உட்பட நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பதிவு பெற்ற நிறுவனங்களின் கடன் அதில் தெரியும். கைமாற்றும் வட்டிக் கடனும் பதிவில்லாத ஆப்பும் தெரியாது, அவற்றுக்கு ஸ்டேட்மென்ட்தான் சாட்சி. வீட்டு நகையையும் ஒருமுறை எடுத்து எண்ணிவிடுங்கள். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி வீடுகளில் ஒரு செயின் ஏற்கெனவே அடகுக் கடையில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டியல் சரியாகி, அவன் சொன்ன தொகையே நின்றது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கடனும் ஒரே மாதிரி கடிப்பதில்லை. பத்து வட்டிக்கு வாங்கிய 40,000 மாதம் 4,000 தின்கிறது. கார்டு மாதம் 3.5 சதவீதம் என்றால் 48,000க்கு 1,680. இரண்டும் சேர்ந்து மாதம் 5,680 ரூபாய், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். இந்த இரண்டுக்கு மட்டும், அதாவது 88,000க்கு மட்டும், உங்கள் ஊர் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் வாங்குங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் முதல் மாத வட்டி 733 ரூபாய்தான். மகள் நகையைத் தொடாமல் உங்கள் வீட்டுக்காரி நகையில் கொஞ்சம் வைத்தால் இன்னும் நல்லது, கல்யாணத் தேதி நெருக்காது.

பணத்தை மகன் கையில் கொடுக்காதீர்கள். கார்டுக்கு நீங்களே கட்டி, கார்டை மூடச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். வட்டிக்காரரிடம் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டு, வெற்றுச் செக் எல்லாவற்றையும் கையில் வாங்கின பிறகு பணத்தை எண்ணுங்கள். இதுவரை கட்டிய வட்டியை அசலில் கழிக்கக் கேளுங்கள். கந்து வட்டிக்கு எதிராக நம் மாநிலத்தில் 2003லிருந்தே சட்டம் இருக்கிறது; மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கலாம்.

1,20,000 ஆப் லோனை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம். வருஷத்துக்கு 28 சதவீதம், இன்னும் 24 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 6,590 வரும். அதை அவன் சம்பளத்திலேயே கட்டட்டும். கூட்டாளிகளுக்கு மாதம் 2,500, 14 மாதத்தில் தீரும். நகைக்கடனுக்கு மாதம் 5,000, சுமார் 19 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். இவ்வளவும் போக அவன் கையில் 4,910 நிற்கும். வீட்டுச் சாப்பாடு, பஸ் செலவு என்று பார்த்தால் இறுக்கம்தான், ஆனாலும் முடியும். கடன் அவனுடையது, அவன் மேஜர். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாத வரை உங்களிடம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. "செட்டில்மென்ட்டாப் பாதி கட்டினாப் போதும்" என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். ரிப்போர்ட்டில் அது முழுசாக முடித்த கடனாக வராது, பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது இடிக்கும்.

அந்த 22,000தான் சிக்கலானது. ஒவ்வொரு ஆப்புக்கும் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனம் எது என்று கடன் பத்திரத்தில் பாருங்கள். பெயர் இருந்தால் தபால் ஆபீஸ் பணத்திலிருந்து முடித்து, பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். அந்தத் தபால் ஆபீஸ் பணத்தில் மீதியைத் தொடாதீர்கள். பெயரே இல்லை என்றால் பயந்து கட்டாதீர்கள். கட்டக் கட்டத் தொகை ஏறும். மிரட்டல் செய்திகளைப் படம் பிடித்து வைத்து 1930க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியுங்கள். பதிவான நிறுவனத்தின் ஆளாகவே இருந்தாலும் காலை 8க்கு முன்னும் மாலை 7க்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, உங்கள் மச்சானைக் கூப்பிட்டு அவமானப்படுத்தவும் கூடாது. முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம்.

புகார் கொடுத்தால் ரம்மி ஆடியதற்குத் தன்னைப் பிடிப்பார்களோ என்று மகன் தயங்குவான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும்தான் தண்டிக்கிறது, ஆடியவரை இல்லை. இதை அவனிடம் சொல்லுங்கள். சட்டத்துக்குப் பிறகும் ஓடுகிற ஆப்பில் போட்ட பணம் திரும்பும் என்று நம்பவும் வேண்டாம். "இன்னும் ஒரே ஒரு தடவை, விட்டதைப் பிடிச்சிருதேன்" என்று அவன் கேட்டால், அதுதான் நோய் இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆறு மாதத்துக்காவது சம்பளம் வந்த அன்றே மேலே சொன்ன தவணைகள் போய்விடட்டும், யுபிஐ வரம்பை வங்கியில் சொல்லிக் குறைத்துவிடுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த நாட்களில் அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் சுருண்டு கிடந்தால், கணக்கை ஓரமாக வைத்துவிட்டு 14416க்கு அழையுங்கள். அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

ஸ்டேட்மென்ட்டில் வட்டம் போட்டு முடித்ததும் தொகை 2,65,000க்கு மேல் போனால், நகையோடு சங்கத்துக்குப் போவதற்கு முன்னால் புதுப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். தவணைகளை மாற்றிப் போட்டுத் தருகிறேன்.