1.2 யாருடைய கிரியேட்டினின்?

கேள்வி: அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எங்கள் டாக்டரின் கிளினிக் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். ரிசப்ஷனிலிருந்து, "பெயர், வயது, என்ன கேட்க வேண்டும் என்பதைச் சேர்த்து அனுப்பவும்" என்று ஒரு வரி வந்தது. எல்லாம் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதே, ஏன் அலைக்கழிக்கிறார்கள்?

பதில்: அந்த ரிசப்ஷனிஸ்ட் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பெயரும் வயதும் முதல் பக்கத்தின் தலைப்பில் இருக்கும்; எங்களுக்கு வருவதோ பெரும்பாலும் இரண்டாம் பக்கம், அதுவும் பாதி வெட்டுப்பட்டு, டியூப்லைட் வெளிச்சம் அடித்த படம். அனுப்பிய போன் மகனுடையது. அதில் தெரியும் பெயரும் மகனுடையது. ரிப்போர்ட் அம்மாவுடையது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

சமீபத்தில் எனக்கு அப்படி வந்த ஒரு படத்தில் தெளிவாகத் தெரிந்தது ஒரே வரி: கிரியேட்டினின் 1.2. பக்கத்தில் லேப் அச்சிட்டிருந்த அளவு 0.6 முதல் 1.2 வரை. தடித்த எழுத்தும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. பார்த்தால் 'நார்மல்'.

ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம்தான் அதை ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றுகிறது. தசை குறைந்த வயதானவருக்கு அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்ப்போம். இ-ஜிஎஃப்ஆர் என்பது அதுதான். இப்போது நாங்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் இதே 1.2-ஐப் போட்டால் 30 வயது ஆணுக்கு சுமார் 83 வருகிறது, கவலையில்லை. 75 வயதுப் பெண்ணுக்கு சுமார் 47! பல லேப்கள் இதைக் கணக்கிட்டே தருகின்றன, ஆனால் அந்த வரி போட்டோவில் விழ வேண்டுமே.

வயதைக் கேட்டு வாங்கினோம்: 75, பெண். பிறகு கேள்வியும் வந்தது. "மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை அம்மா மூன்று வாரமாகப் போடுகிறார், தொடரலாமா?" அட்டையின் படத்தையும் அனுப்பச் சொன்னோம். டைக்ளோஃபெனாக். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து கிரியேட்டினினை மறுபடி பார்க்கவும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று சோதிக்கவும் எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவை 47 வந்ததற்காக நாள்பட்ட சிறுநீரக நோய் என்று முத்திரை குத்த முடியாது; மூன்று மாதத்துக்கு மேலும் 60-க்குக் கீழேயே நின்றால்தான் அந்தப் பேச்சு. கேள்வி வராமல் இருந்திருந்தால், மாத்திரை விஷயமே என் காதுக்கு வந்திருக்காது.

உங்கள் அம்மாவுக்கும் இந்த மாதிரி நாலு வரி போதும்: "அம்மாவின் பெயர் இது, வயது இவ்வளவு. சுகர், பிரஷருக்கு இந்த மாத்திரைகள். கால் வீக்கம் பத்து நாளாக. ரிப்போர்ட்டில் எதைப் பார்த்து எதைச் செய்வது?" கூடவே முதல் பக்கத்தையும், போன வருஷ ரிப்போர்ட் இருந்தால் அதையும் தேதி தெரியும்படி அனுப்புங்கள். மூச்சுத்திணறலோ, சிறுநீர் வெகுவாகக் குறைவதோ இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டிருக்காமல் நேரே கூட்டி வாருங்கள்.