வேலைக்கு ஒரு நிமிட அறிமுக வீடியோ எடுப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தேன். ஓசூரில் குவாலிட்டி வேலைக்கு ஒரு நிமிட வீடியோ கேட்கிறார்கள். என்ன பேசுவது, எப்படி எடுப்பது?

முதலில் எழுதுங்கள், 90 சொல்லுக்குள். பெயர், படிப்பு ஒரே வரியில் முடியட்டும். மீதி முழுக்க நீங்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி இருக்கட்டும். ‘கடின உழைப்பாளி’ என்று எல்லாரும்தான் சொல்வார்கள். ‘புராஜெக்ட்டில் ஷாஃப்ட் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.05 மி.மீ. கூடியதை ஒதுக்கினேன்’ என்றால் பார்ப்பவர் காது கொடுப்பார். அப்புறம், எப்போது சேர முடியும் என்று சொல்லி நிறுத்துங்கள். மனப்பாடம் வேண்டாம், அடுத்த வரியைத் தேடும் கண் அப்படியே தெரியும்; நாலு குறிப்பை லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தைக் கருப்பாக்கிவிடும். போனை அகலவாக்கில் திருப்பி, லென்ஸ் கண் மட்டத்தில் வருமாறு புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி வையுங்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே மார்பு வரை போதும். ஃபேனை நிறுத்துங்கள். வீடு பைபாஸை ஒட்டி இருந்தால் லாரி சத்தம் நிச்சயம் விழும், இயர்போன் மைக்கில் பேசுங்கள்.

அப்பா தொழில், சாதி, வீட்டு முகவரி, எதிர்பார்க்கும் சம்பளம், பின்னணி இசை எதுவும் வேண்டாம்.