ஸ்வீடனில் மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுவது எப்படி?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் இருந்தேன். அடுத்த மாதம் ஸ்வீடனில் வேலைக்குச் சேர்கிறேன். அங்கே மேனேஜரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். எனக்கு வாயே வரவில்லை. 'சார்' என்றே சொல்லிவிட்டால் என்ன?

பதில்: யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், நீங்கள் ஒதுங்கி நிற்பதாகவும் தோன்றும். நானும் காட்பாடிதான். மேல்விஷாரத்தில் தோல் கம்பெனியில் 'ஜி.எம். சார்', 'சூப்பர்வைசர் பாய்' என்று கூப்பிட்டுப் பழகிய வாய் என்னுடையது.

ஸ்வீடன்காரர்களும் எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1960கள் வரை எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமே 'டைரக்டர் காபி சாப்பிடுகிறாரா?' என்று கேட்டவர்கள்தான். ஏற்கெனவே மாறத் தொடங்கியிருந்த அந்த வழக்கத்துக்கு 1967இல் ஒரு பெரிய உந்துதல் கிடைத்தது. அரசின் மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்த புரூர் ரெக்ஸட், ஊழியர்கள் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் பேசுவேன், என்னையும் புரூர் என்றே கூப்பிடுங்கள் என்று அறிவித்துவிட்டார்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பெயரைச் சொல்வதைவிட, எங்கே சொல்வது என்பதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். 'லெதர் வந்துடுச்சு சார், கட்டிங் போட்டாச்சு சார்' என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் நாம் சாரில் முடிப்போம். எங்கள் ஸ்வீடன் மேனேஜர் ஆண்டர்ஸிடம் அதே இடத்திலெல்லாம் 'ஆண்டர்ஸ்', 'ஆண்டர்ஸ்' என்று போட்டால் அவரை அதட்டுவது போல இருக்கும். காலையில் பார்த்ததும் 'ஹெய் ஆண்டர்ஸ்' என்று ஒரு தடவை சொன்னால் போதும். அதற்குப் பிறகு வாக்கியங்களைச் சும்மா முடித்துவிடுங்கள். மொட்டையாகத் தெரியும், ஆனால் அப்படி நினைப்பது நீங்கள் மட்டும்தான். பாதி வழியாக 'மிஸ்டர் ஆண்டர்ஸ்' என்று ஆரம்பிக்காதீர்கள். மிஸ்டர் குடும்பப் பெயரோடு வருவது, முதற்பெயரோடு ஒட்டாது. மெயிலில் இன்னும் சுலபம்: அவர் கீழே என்ன பெயர் போடுகிறாரோ, பதிலில் அதையே மேலே போடுங்கள்.

உண்மையான சோதனை, மேனேஜர் தமிழராக இருந்தால்தான். எங்கள் அலுவலகத்தில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் எனக்கு மேலே இருக்கிறார், வயதிலும் மூத்தவர். மீட்டிங்கில் ஆங்கிலத்தில் அவரைப் பெயர் சொல்லித்தான் பேசுகிறேன். காபி மெஷின் பக்கம் போய்த் தமிழுக்கு மாறியதும் 'அண்ணா, நீங்க' என்று வந்துவிடும். இருவருக்குமே அதில் சங்கடம் இல்லை. ஆனால் மற்றவர்கள் இருக்கும்போது அவரை மட்டும் 'சார்' என்று கூப்பிட்டால், ஆண்டர்ஸைவிட அவர் பெரியவர் என்பது போல ஆகிவிடும். அதைத் தவிர்க்கிறேன்.

இன்னொன்று. பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் அதிகாரம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஜி.எம். 'இன்னைக்குள்ள முடிச்சிடு' என்பார். ஆண்டர்ஸ் 'இதை ஒரு தடவை பார்த்தால் நல்லா இருக்குமோ' என்பார். யோசனை என்று விட்டுவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எப்போதுக்குள் வேண்டும் என்று கேளுங்கள்; தேதி சொன்னாரென்றால் அது உத்தரவுதான்.